வங்கி ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பின் பூட்டை எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன், சார். அப்பாவின் வங்கி ஸ்டேட்மென்ட் ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 பிடிஎஃப்களாக மின்னஞ்சலில் வந்திருக்கிறது. கடவுச்சொல் எங்களுக்குத் தெரியும். வருமான வரி வேலைக்காக நாகர்கோவில் ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும். கடவுச்சொல் இல்லாத கோப்பாக அனுப்பச் சொல்கிறார். குரோமில் திறந்து, மறுபடி டவுன்லோட் செய்து அனுப்பினாலும் அவருக்குக் கடவுச்சொல் கேட்கிறது. பூட்டை எப்படி எடுப்பது? அப்பாவின் ஆதார் பிடிஎஃப்பையும் இதே போல் அனுப்பலாமா?

பதில்:

டவுன்லோட் பொத்தான் உங்களைக் கைவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும்.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பில் எழுத்துகளும் எண்களும் மறையாக்கம் செய்யப்பட்ட நிலையில்தான் கோப்புக்குள் கிடக்கின்றன. நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் குரோம் அதைக் கொண்டு உள்ளடக்கத்தை விடுவித்துத் திரையில் காட்டுகிறது. அந்த வேலை கணினியின் நினைவகத்தில் மட்டுமே நடக்கிறது. வட்டில் இருக்கும் கோப்பில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை. டவுன்லோட் பொத்தானை அழுத்தினால், வங்கி அனுப்பிய அதே கோப்பு அதே பூட்டோடு இன்னொரு பிரதியாகக் கிடைக்கும். திறந்து பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் பகிர்வதும் அப்படித்தான். எனவே பூட்டு இல்லாத புதிய கோப்பு ஒன்றை எழுத வேண்டும். அதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு: அச்சிடுவது, அல்லது மறையாக்கத்தை நீக்கி எழுதுவது.

ஒரே ஒரு கோப்பு, அதுவும் அவசரம் என்றால் அச்சு வழி போதும். பிடிஎஃப்பைக் குரோமில் திறந்து கடவுச்சொல்லைக் கொடுங்கள். Ctrl+P அழுத்துங்கள். Destination என்ற இடத்தில் உங்கள் அச்சு இயந்திரத்தின் பெயர் இருக்கும். அதை Save as PDF என்று மாற்றி, Save அழுத்திப் புதிய பெயரில் சேமியுங்கள். புதிதாகப் பிறந்த அந்தக் கோப்பில் கடவுச்சொல் இருக்காது. காகிதத்தில் அச்சடிப்பதற்குப் பதிலாகக் கோப்பில் அச்சடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் காரியத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அச்சு என்பது பக்கத்தின் தோற்றத்தை மறுபடி வரைவது. பெரும்பாலும் எழுத்துகள் எழுத்துகளாகவே வந்துவிடும். சில கோப்புகளில் அவை படம் போலாகிவிடும். அப்போது கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆடிட்டர் உங்கள் ஸ்டேட்மென்ட்டை வெறுமனே வாசிப்பதில்லை. உங்கள் பகுதியில் ரப்பர் ஷீட் விற்ற பணம் கணக்கில் வருவது வழக்கம்தானே. வியாபாரியின் பெயரைத் தேடி அந்த வரவுகளைத் தனியே எடுப்பார், வட்டி வரவுகளைத் தனியே கூட்டுவார், அட்டவணையை எக்செலுக்கு மாற்றுவார். எழுத்து படமாகிவிட்டால் ஒவ்வொரு வரியையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், அதில் ஒரு பூஜ்யம் விடுபட்டாலும் கணக்கு போச்சு. மேலும் ஸ்டேட்மென்ட்டின் பக்க அளவு ஒன்றாகவும் அச்சு அமைப்பில் உள்ள தாள் அளவு வேறாகவும் இருந்தால், வலது ஓரத்தில் இருக்கும் இருப்புத் தொகைப் பத்தி வெட்டுப்படுவதும் உண்டு.

அச்சு வழியில் எடுத்த கோப்பு தேறுமா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. ஏதாவது ஒரு வரியின் தொகை மேல் சுட்டியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அதே எண் வந்தால் நல்லது. ஒன்றும் தேர்வாகவில்லை என்றாலோ, புரியாத குறிகள் வந்தாலோ அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள். ஆனால் வங்கியின் மூலக் கோப்பிலேயே இந்தக் குறை இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கேயே படமாக இருந்தால் எந்த வழியிலும் எழுத்தாக வராது.

12 கோப்புகளுக்கும் ஏற்றது இரண்டாவது வழி. qpdf என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே பொருத்தமானது. அது பக்கங்களை மறுபடி வரையாது. உள்ளடக்கத்தை அப்படியே எடுத்து, மறையாக்கத்தை மட்டும் நீக்கி, புதிய கோப்பில் எழுதிவைக்கும். எழுத்துரு, அட்டவணை, பக்க அளவு எதுவும் மாறாது. எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். கோப்பு வெளியே எங்கும் போகாது. விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் Command Prompt-ஐத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
winget install qpdf
```

நிறுவி முடிந்ததும் அந்தச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய சாளரத்துக்குப் புதிய மென்பொருள் இருக்கும் இடம் தெரியாது. qpdf என்று அடித்ததும் `is not recognized` என்று வந்தால் பயப்பட வேண்டாம்: C:\Program Files என்ற கோப்புறைக்குள் qpdf என்று தொடங்கும் கோப்புறை இருக்கும், அதற்குள் bin இருக்கும், அதில்தான் qpdf.exe இருக்கிறது. கீழே வரும் கட்டளைகளில் qpdf என்ற இடத்தில் அந்த முழு முகவரியை மேற்கோள் குறிகளுக்குள் கொடுத்தால் வேலை நடக்கும். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு `sudo apt install qpdf`, மேக்கில் ஹோம்ப்ரூ இருந்தால் `brew install qpdf`.

முதலில் ஒரே ஒரு கோப்பில் செய்து பாருங்கள். D: வட்டில் appa என்று ஒரு கோப்புறை உருவாக்கி, 12 ஸ்டேட்மென்ட்டுகளையும் அதில் போடுங்கள். வங்கி வைத்த பெயர்கள் நீண்ட எண்களாக இருக்கும், 01-apr.pdf, 02-may.pdf என்று வரிசையாகப் பெயர் மாற்றிக்கொண்டால் பிறகு ஆடிட்டரும் உங்களை வாழ்த்துவார். அடுத்து அதே கோப்புறையில் நோட்பேடால் pw.txt என்று ஒரு கோப்பு உருவாக்கி, முதல் வரியில் கடவுச்சொல்லை மட்டும் எழுதிச் சேமியுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி இருக்கக் கூடாது. பிறகு:

```
cd /d D:\appa
mkdir open
qpdf --password-file=pw.txt --decrypt 01-apr.pdf open\01-apr.pdf
```

கட்டளையிலேயே `--password=` என்று கடவுச்சொல்லை நேரடியாக எழுதவும் முடியும். நான் கோப்பு வழியைச் சொல்வதற்குக் காரணம், கடவுச்சொல்லில் &, ^, % போன்ற குறிகள் இருந்தால் Command Prompt அவற்றைத் தன் கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல் சரியாக இருந்தும் தவறு என்று செய்தி வந்து, நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். கோப்பிலிருந்து வாசிக்கச் சொன்னால் அந்தச் சிக்கலே இல்லை.

மூலத்தின் மேலேயே எழுதாமல் open என்ற தனிக் கோப்புறையில் எழுதுவதும் வேண்டுமென்றே செய்ததுதான். பூட்டிய மூலங்கள் உங்களிடம் அப்படியே இருக்க வேண்டும். வங்கி தந்த ஆவணம் அதுதான். நீங்கள் எடுப்பது வேலைக்கான பிரதி.

qpdf வெற்றி பெற்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும். அந்த மௌனத்தை நம்பி விட்டுவிடாமல் இதைக் கேளுங்கள்:

```
qpdf --show-encryption open\01-apr.pdf
qpdf --show-npages open\01-apr.pdf
```

முதல் கட்டளைக்கு `File is not encrypted` என்று பதில் வந்தால் பூட்டு போய்விட்டது. இரண்டாவது, பக்க எண்ணிக்கையைச் சொல்லும். மூலத்தில் உள்ள பக்கங்களோடு ஒப்பிடுங்கள். அதோடு கோப்பைத் திறந்து, மாதத் தொடக்க இருப்பும் மாத இறுதி இருப்பும் மூலத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஏப்ரல் மாத இறுதி இருப்புதானே மே மாதத் தொடக்க இருப்பு. அந்தச் சங்கிலி 12 மாதமும் அறுபடாமல் வந்தால் எந்த மாதமும் விடுபடவில்லை என்பதும் கூடவே உறுதியாகும்.

ஒன்று சரியாக வந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே வரியில் முடிக்கலாம்:

```
for %f in (*.pdf) do qpdf --password-file=pw.txt --decrypt "%f" "open\%f"
```

இது Command Prompt-க்கான வரி, பவர்ஷெல்லில் ஓடாது. சாளரத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் வரிசையாக ஓடுவதைக் காண்பீர்கள். இடையில் இரண்டு விதமான செய்திகள் வரக்கூடும். `operation succeeded with warnings` என்று வந்தால், மூலக் கோப்பின் கட்டமைப்பில் சிறு ஒழுங்கின்மை இருந்தது, அதையும் மீறிப் புதிய கோப்பு எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். அந்த மாதத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். சரியாகத் தெரிந்தால் தாராளமாக அனுப்பலாம். `invalid password` என்று வந்தால் அந்தக் கோப்புக்கு மட்டும் கடவுச்சொல் வேறு. மற்றவை நிற்காமல் முடிந்திருக்கும். ஆண்டின் நடுவில் வங்கி கடவுச்சொல் அமைக்கும் முறையை மாற்றியிருந்தாலோ, வேறொரு கணக்கின் ஸ்டேட்மென்ட் இடையில் கலந்திருந்தாலோ இப்படி ஆகும். அந்த மாத மின்னஞ்சலின் அடியில் கடவுச்சொல் எப்படி அமைந்தது என்ற விளக்கம் இருக்கும். அதை வாசித்து pw.txt-ஐ மாற்றி, அந்த ஒன்றை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

கடவுச்சொல் தெரியும் என்று நினைத்தும் ஏற்காமல் போவது உங்களுக்கும் நேரலாம், குறிப்பாக ஆடிட்டர் மற்ற ஆவணங்களைக் கேட்கும்போது. வருமான வரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ஐ அவர் நிச்சயம் கேட்பார். அதன் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல், பான் எண் சிறிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த நாள், மாதம், ஆண்டு: `abcde1234f05061962` என்பது போல. மின் ஆதாருக்கோ நேர்மாறு: பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பிடிஎஃப்புக்கு வேறு வேறு. கைபேசியில் அடிக்கும்போது முதல் எழுத்து பெரிதாகிவிட்டால் ஏஐஎஸ் திறக்காமல் அடம்பிடிக்கும்.

ஆதாரில் நம் பக்கத்து அப்பாக்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. தலைப்பெழுத்து முன்னால் இருந்தால் அதுவும், அதை அடுத்த புள்ளியும் நான்கு எழுத்துக் கணக்கில் சேரும். ஆதாரில் S. SELVARAJ என்று இருந்து, பிறந்த ஆண்டு 1962 என்றால் கடவுச்சொல் `S.SE1962`. SELV1962 என்று எத்தனை முறை அடித்தாலும் திறக்காது. இடைவெளி கணக்கில் வராது. ஆண்டும் ஆதாரில் பதிவான ஆண்டுதான்; ஜாதகத்தில் உள்ளதோ பள்ளிச் சான்றிதழில் உள்ளதோ வேறாக இருந்தால் அது செல்லாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆதாரைப் பொறுத்தவரை பூட்டை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். மின் ஆதாரில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அந்தக் கையொப்பம் கோப்பின் பைட்டுகளைக் கணக்கிட்டுப் போடப்பட்டது. வெளியிட்ட பிறகு ஒரு பைட்டும் மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று. பூட்டை எடுக்கும்போது கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது. உள்ளே இருக்கும் தகவல் மாறாவிட்டாலும் பைட்டுகள் மாறிவிடுகின்றன, கையொப்பச் சோதனை தோற்றுவிடும். அச்சு வழியில் எடுத்தாலோ கையொப்பத்தின் படம் மட்டும் மிஞ்சும். அதற்குப் பின்னால் சோதிக்க ஒன்றும் இருக்காது. qpdf மட்டுமல்ல, எந்த மென்பொருளாலும் பூட்டையும் எடுத்துக் கையொப்பத்தையும் காப்பாற்ற முடியாது. யாராவது முடியும் என்றால் நம்பாதீர்கள்.

ஆகவே பெறுபவர் என்ன செய்யப் போகிறார் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். ஆடிட்டர் பெயரையும் எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்ள மட்டும் கேட்டால், பூட்டு எடுத்த பிரதி போதும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடமென்றால் மூலக் கோப்பை அப்படியே கொடுத்து, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடையாளத்துக்கு மட்டும் என்றால், ஆதார் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது எண் மறைத்த ஆதாரைத் தேர்ந்தெடுங்கள். அதில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் இதே விதிதான். வரிக் கணக்குக்காக வாசிக்கும் ஆடிட்டருக்கு அது தடையில்லை. கடனுக்கோ விசாவுக்கோ கொடுக்கும்போது மூலத்தையே கேட்கலாம். மூலத்தை அழிக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

இணையத்தில் பிடிஎஃப் பூட்டுத் திறக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, வேலையும் செய்யும். ஆனால் அங்கே கோப்பையும் கடவுச்சொல்லையும் இரண்டையும் சேர்த்தே அவர்கள் கணினிக்கு ஏற்றுகிறீர்கள். அப்பாவின் முகவரி, கணக்கு எண், யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, எந்த நாளில் எடுத்தார் என்று ஓராண்டு வாழ்க்கையே அதில் இருக்கிறது. சொந்தக் கணினியில் ஒரு வரியில் முடியும் வேலைக்கு இதை வெளியே கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். திருவிழா அழைப்பிதழ் மாதிரி ஊருக்கே தெரிந்த கோப்பு என்றால் அது வேறு விஷயம்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் ஜெராக்ஸ் கடையில் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடவுச்சொல்லையும் அதன் கீழேயே தட்டி, அச்சு வழியில் எடுத்து வாங்கிவருகிறார்கள். கடைக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் நாள் முழுக்க பலர் உட்காரும் கணினியில் அந்தக் கோப்பு Downloads கோப்புறையில் மாதக்கணக்கில் கிடக்கும். அப்படிச் செய்ய நேர்ந்தால் பென்டிரைவில் எடுத்துப்போய், பென்டிரைவிலிருந்தே திறந்து, புதிய கோப்பையும் பென்டிரைவிலேயே சேமியுங்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கைபேசியிலேயே முடிக்கலாமா என்றால், சில பிடிஎஃப் செயலிகளில் கடவுச்சொல்லை நீக்கும் வசதி இருக்கிறது. பூட்டிய கோப்பை அச்சுக்கு அனுப்ப மறுக்கும் செயலிகளும் இருக்கின்றன. 12 கோப்புகளுக்குக் கணினிதான் சுகம்.

கடவுச்சொல் கேட்காமலே திறக்கும், ஆனால் அச்சிடவோ நகலெடுக்கவோ விடாத பிடிஎஃப்களும் உண்டு. பிடிஎஃப்பில் திறப்பதற்கு ஒன்று, இப்படிப்பட்ட உரிமைகளைக் கட்டுப்படுத்த ஒன்று என்று இரண்டு கடவுச்சொற்கள் வைக்க முடியும் என்பதால் இப்படி நேர்கிறது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இரண்டும் இருந்தால் குரோமில் அச்சு வழி மறுக்கப்படலாம். கட்டணம் செலுத்திய அக்ரோபாட்டும் பூட்டை எடுக்க அந்த இரண்டாவது கடவுச்சொல்லைக் கேட்கும், அதை வங்கி உங்களுக்குத் தந்திருக்காது. qpdf-க்குத் திறக்கும் கடவுச்சொல் மட்டும் போதும். அப்பாவின் சொந்தக் கணக்கு, அவருடைய சம்மதம், அவருக்காகச் செய்யும் வேலை என்பதால் இதில் தயங்க ஒன்றுமில்லை. வேறொருவர் எழுதி, நகலெடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்த ஆவணத்தில் மட்டும் உரியவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அனுப்புவதற்கு முன் open கோப்புறையில் உள்ள ஒரு கோப்பை இதுவரை அதைத் திறந்திராத வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள்; கடவுச்சொல் கேட்காமல் திறந்தால் ஆடிட்டரிடமும் திறக்கும். அந்தக் கோப்புறை மேல் வலது சொடுக்கி, ஜிப் கோப்பாக்கி, மின்னஞ்சலில் ஆடிட்டரின் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழு வழியாக அனுப்ப வேண்டாம். அவர் கிடைத்தது, திறந்தது என்று சொன்னதும் open கோப்புறையையும் ஜிப்பையும் pw.txt-ஐயும் அழித்து, Recycle Bin-ஐயும் காலி செய்துவிடுங்கள். பூட்டிய 12 மூலங்கள் மட்டும் அப்பாவின் கோப்புறையில் இருக்கட்டும். மறுபடி தேவைப்பட்டால் pw.txt-ஐயும் open கோப்புறையையும் புதிதாக உருவாக்கி, அந்த ஒரு வரிக் கட்டளையை இன்னொரு முறை ஓட்டினால் போதும்.